புளிக்காய்ச்சல் போன வழி

ஸ்கார்பரோ, கனடா

அன்புள்ள தங்கைக்கு,

பையனைப் புனேயில் ஹாஸ்டலில் விட்டுவிட்டு வந்ததிலிருந்து உனக்குச் சோறு இறங்கவில்லை என்று எழுதியிருந்தாய். என் பெண் ஹாலிஃபாக்ஸுக்குப் படிக்கப் போனபோது நானும் அப்படித்தான் இருந்தேன். இங்கே நவம்பரிலேயே நாலரை, ஐந்து மணிக்கு இருட்டிவிடும். அந்த நேரத்தில் அவள் என்ன சாப்பிடுவாளோ என்று அடுப்பையே பார்த்துக்கொண்டு நிற்பேன்.

முதல் தடவை அனுப்பிய புளிக்காய்ச்சல் பத்தே நாளில் பூத்துவிட்டது. சூடு ஆறும் முன்பே பாட்டிலை மூடியதுதான் தப்பு. ஆவி மூடியின் உட்புறம் முத்து முத்தாகக் கோத்து, சொட்டி, மேலே வெள்ளையாகப் பூசணம் பிடித்திருக்கிறது. மேலாக வழித்துவிட்டுச் சாப்பிடலாமா என்று கேட்டாள். வேண்டாம், முழுவதையும் கொட்டிவிடு என்றேன். பூசணம் கண்ணுக்குத் தெரியும் இடத்தோடு நிற்பதில்லை.

இப்போது செய்யும் விதத்தைச் சொல்கிறேன். கால் கிலோ புளியை வெந்நீரில் ஊறவைத்து, கெட்டியாகக் கரைத்து வடிகட்டு. நல்லெண்ணெய் 200 மில்லி வேண்டும். பல்பொருள் அங்காடியில் கிடைக்கும் எள்ளெண்ணெய் வறுத்த எள்ளில் எடுத்தது, வாசனையே வேறு. அதனால் தமிழ்க் கடைக்குப் போய்த்தான் வாங்குகிறேன். கடுகு, மிளகாய், பெருங்காயம் தாளித்து, கறிவேப்பிலையை ஈரம் போகத் துடைத்துப் போட்டு, மஞ்சள்தூள், உப்புடன் கரைசலை ஊற்று. உப்பு கொஞ்சம் தூக்கலாகவே இருக்கட்டும், சோற்றில் கலக்கும்போது சரியாகிவிடும்.

பிறகு அவசரப்படாதே. முதலில் சின்னச் சின்னக் குமிழியாகக் கொதிக்கும். முக்கால் மணி நேரம் போல ஆனதும் குமிழி பெரிதாகி, சேறு கொதிப்பதுபோல் மெதுவாக வெடிக்கும், எண்ணெய் ஓரத்தில் பிரியும். அப்போது தட்டில் ஒரு சொட்டு விட்டுச் சாய்த்துப் பார். சொட்டைச் சுற்றி நீர் பிரிந்தால் இன்னும் காய வேண்டும். வெந்தயத்தை வறுத்துப் பொடித்துக் கடைசியில் சேர். வேர்க்கடலையும் பருப்பும் இதில் ஊறினால் நமத்துவிடும். வறுத்துத் தனிப் பொட்டலமாக அனுப்பு.

இரவு முழுக்க மெல்லிய துணி மூடி ஆறவிட்டு, காலையில் காய்ந்த கண்ணாடி பாட்டிலில் நிரப்பு. மேலே ஒரு விரல் கனத்துக்கு எண்ணெய் நிற்க வேண்டும். ஈரக் கரண்டி மட்டும் படக் கூடாது என்று பையனிடம் சொல். இப்படிச் செய்ததில் என் பெண்ணிடம் வெளியில் வைத்தே ஒரு மாதம் நன்றாக இருக்கிறது.

அங்கே மெஸ்ஸில் தினமும் சோறு உண்டா, சப்பாத்திதானா? சப்பாத்தி என்றால் இட்லிமிளகாய்ப் பொடியையும் சேர்த்து அனுப்பு, எண்ணெய் குழைத்துத் தொட்டுக்கொள்வான். கேட்டு எழுது.

அன்புடன்,
அக்கா