ஆரஞ்சு, எலுமிச்சை உதாரணத்தைத் திருத்துங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழின் அறிவியல் பக்கத்தில், ஆரஞ்சும் எலுமிச்சையும் வேறு வேறாக மணப்பதற்குக் காரணம் லிமோனீன் என்ற மூலக்கூறின் இரண்டு ஆடி பிம்பங்கள்தான் என்று எழுதியிருந்தீர்கள். இருபத்தெட்டு ஆண்டுகள் வேதியியல் கற்பித்தவன் நான். அந்த வரிக்குப் பிறகு பக்கத்தைத் திருப்ப மனம் வரவில்லை.

எலுமிச்சைத் தோலில் இருக்கும் லிமோனீனில் பெரும்பங்கு, ஆரஞ்சில் இருக்கும் அதே வடிவம்தான். எலுமிச்சை மணத்துக்கு முக்கியக் காரணம் சிட்ரால் என்ற வேறொரு பொருள். லிமோனீனின் மறுவடிவத்தை முகர்ந்தால் டர்பன்டைன் நெடிதான் ஏறும். ஒருமுறை முகர்ந்து பார்த்த யாரும் அப்படி எழுத மாட்டார்கள்.

சரியான உதாரணம் நம் வீட்டிலேயே இருக்கிறதே! கொஞ்சம் புதினா இலையைக் கசக்குங்கள். நாட்டு மருந்துக் கடையில் வாங்கிய சதகுப்பையை இன்னொரு கையில் நசுக்குங்கள். மணம் வேறு வேறாக இருந்தாலும், இரண்டிலும் மணப்பது கார்வோன் என்ற மூலக்கூறுதான். அதே அணுக்கள், அதே இணைப்புகள், இரண்டுக்குமே கொதிநிலை சுமார் 231 பாகை செல்சியஸ். வளையத்தில் உள்ள ஒரே ஒரு கார்பனைச் சுற்றி நான்கு தொகுதிகளும் அமைந்திருக்கும் திசைதான் வேறு. இடக்கையும் வலக்கையும் போல, ஒன்றை எப்படித் திருப்பினாலும் மற்றொன்றின் மேல் பொருந்தாது. ஒளி அதிரும் தளம் எவ்வளவு திரும்புகிறது என்று அளக்கும் போலாரிமீட்டரில் வைத்தால் புதினாக் கார்வோன் அந்தத் தளத்தை இடப்பக்கம் சுமார் 60 பாகை திருப்பும், சதகுப்பைக் கார்வோன் அதே அளவு வலப்பக்கம் திருப்பும்.

மூக்குக்கு ஏன் வித்தியாசம் தெரிகிறது? மூக்கில் உள்ள ஏற்பிகள் புரதங்கள். அவற்றைக் கட்டும் அமினோ அமிலங்கள் ஒரே பக்க வடிவம் கொண்டவை. ஆகவே மூலக்கூறு போய் அமரும் குழியும் கையுறை போல ஒரு பக்கத்துக்கென்று அமைந்துவிடுகிறது. சில ஏற்பிகள் இரண்டு கார்வோனையும் ஏற்கும், சில ஒன்றை மட்டும் நன்றாக ஏற்கும். எந்தெந்த ஏற்பிகள் எவ்வளவு தூண்டப்படுகின்றன என்ற கலவையைத்தான் மூளை மணமாக உணர்கிறது.

இதை நான் வகுப்பில் பட்டுத் தெரிந்துகொண்டேன். ஓர் ஆண்டு அவசரத்தில் இரண்டு கார்வோன் குப்பிகளுக்கும் ஒரே சொட்டுக்குழாயைப் பயன்படுத்திவிட்டேன். சதகுப்பைக் குப்பியிலும் புதினா வாசம் வருகிறது என்று சில பிள்ளைகள் சொன்னார்கள். போலாரிமீட்டரில் அளவு ஏறக்குறைய மாறவே இல்லை. புதினாக் கார்வோனை நம் மூக்கு பல மடங்கு குறைந்த அளவிலேயே கண்டுபிடித்துவிடும் என்பதால், துளிக் கலப்பே போதுமானதாகிவிட்டது. மண வேறுபாடு முழுவதுமே கலப்படத்தால் வருவதுதான் என்ற சந்தேகம் நெடுங்காலம் நீடித்ததற்கும் இதுதான் காரணம். 1971இல் சயன்ஸ் இதழில் அடுத்தடுத்து வெளியான இரண்டு கட்டுரைகள், நன்கு சுத்தம் செய்த கார்வோன்களிலும் மணம் வடிவத்தோடேயே போகிறது என்று காட்டிய பிறகே அந்தச் சந்தேகம் தீர்ந்தது. இவ்வளவு பாடுபட்டு நிறுவிய ஒன்றை விட்டுவிட்டு, தவறான உதாரணத்தை எடுத்துப் போட்டிருக்கிறீர்கள்.

அதோடு, ஆடி பிம்ப மூலக்கூறுகள் எப்போதும் வேறு மணம் தரும் என்றும் எழுதியிருக்கிறீர்கள். கற்பூரத்தின் இரண்டு வடிவங்களையும் பெரும்பாலானோரால் பிரித்தறிய முடிவதில்லை. படமாவது சரியாக இருந்ததா? முப்பரிமாணத்தைக் காட்டும் தடித்த கோடும் புள்ளிக் கோடும் இல்லாமல் தட்டையாக வரைந்திருக்கிறீர்கள். அந்தத் தாளைப் புரட்டினால் ஒன்று மற்றொன்றாகிவிடும். பிள்ளைகள் அதில் எதைப் புரிந்துகொள்வார்கள்?

இது முதல் முறையும் அல்ல. கர்ப்பிணிகள் உட்கொண்டதால் குழந்தைகள் ஊனத்துடன் பிறக்கக் காரணமான தாலிடோமைடு மருந்தைப் பற்றிப் போன ஆண்டு வந்த கட்டுரையில், ஒரு வடிவத்தை மட்டும் கொடுத்திருந்தால் குழந்தைகள் தப்பியிருப்பார்கள் என்று எழுதினீர்கள். உடலுக்குள் போன சில மணி நேரத்திலேயே ஒரு வடிவம் மற்றதாக மாறிவிடும், எனவே பிரித்துக் கொடுத்தாலும் பயன் இருந்திருக்காது. அப்போதே இரண்டு பக்கக் கடிதம் எழுதினேன். அச்சிடாதது போகட்டும், கிடைத்தது என்று ஒரு வரி பதில்கூட வரவில்லை. முப்பது ஆண்டு வாசகன் என்ற முறையில் அது இன்னும் மனதில் உறுத்துகிறது. தங்கள் கட்டுரைகளை அப்படியே நறுக்கி வகுப்புச் சுவரில் ஒட்டும் ஆசிரியர்கள் இருக்கிறார்கள் என்பது தங்களுக்குத் தெரியாததல்ல. நானும் ஒட்டியவன்தான்.

அடுத்த இதழில் மூன்று வரித் திருத்தம் போடுங்கள். ஆரஞ்சு, எலுமிச்சை என்று இருக்கும் இடத்தில் புதினா, சதகுப்பை என்று மாற்றினால் போதும். அப்புறம், படத்தை வரைபவரிடம் அந்த ஒரு தடித்த கோட்டை மட்டும் மறக்காமல் போடச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வேதியியல் ஆசிரியர்,
திருச்சி