ஆண்டு விழா வீடியோவின் கீழே என்ன எழுதுகிறோம், ஏன்?

அன்புள்ள பள்ளி நிர்வாகத்தினருக்கும் ஆசிரியர்களுக்கும் வணக்கம்.

விழாவைப் படம்பிடித்து யூடியூபில் ஏற்றிக் கொடுத்தால் எங்கள் வேலை முடிந்தது என்றுதான் முன்பெல்லாம் இருந்தோம். வீடியோவின் கீழே பள்ளியின் பெயர், தேதி, சிறப்பு விருந்தினர் பெயர், அவ்வளவுதான். ஒருமுறை இரண்டாம் வகுப்புச் சிறுமியின் அம்மா, "என் பொண்ணு ஆடினதே இதுல இல்லையே" என்று போனில் வருத்தப்பட்டார். இருந்தது. இரண்டே முக்கால் மணி நேர வீடியோவில், ஒரு மணி பன்னிரண்டாவது நிமிடத்தில்!

அதிலிருந்து விவரக் குறிப்பில் நேரத்தையும் எழுதுகிறோம்.

```
0:00 வரவேற்பு
6:40 ஆண்டறிக்கை
1:12:05 2ஆம் வகுப்பு ஆ பிரிவு, குடை நடனம்
1:58:30 முன்னாள் மாணவர்கள் மேடையில்
```

இப்படி எழுதினால் நேரத்தைத் தொட்டதும் வீடியோ அங்கே போய் நிற்கும். ஓட்டப் பட்டையும் துண்டு துண்டாகப் பிரிந்து, விரல் வைக்கும் இடத்தில் நிகழ்ச்சியின் பெயரைக் காட்டும். அதற்கு முதல் வரி 0:00 என்று தொடங்க வேண்டும். குறைந்தது மூன்று நேரங்கள் ஏறுவரிசையில் வேண்டும். ஒவ்வொரு பகுதியும் பத்து விநாடிக்குக் குறையக் கூடாது. பட்டை பிரியவில்லை என்றால் பெரும்பாலும் இவற்றில் ஒன்று தவறியிருக்கும்.

பட்டை சரியாகப் பிரிந்தும் நேரம் தப்பாக இருப்பதுதான் பெரிய தொல்லை. நாங்களே ஒருமுறை மாட்டிக்கொண்டோம். மைக் படுத்துவிட்ட நான்கு நிமிடத்தை, வீடியோவை ஏற்றிய பிறகு வெட்டினோம். இணைப்பு மாறவில்லை, ஆனால் அதற்குப் பின் வந்த எல்லா நேரமும் நான்கு நிமிடம் தள்ளிப்போனது. குடை நடனத்தைத் தொட்டால் அடுத்த நாடகத்தின் நடுவில் போய் விழுந்தது. இப்போது வெட்டு வேலை எல்லாம் முடிந்த பிறகுதான் நேரம் குறிக்கிறோம். அழைப்பிதழைப் பார்த்து எழுதுவதும் இல்லை. விருந்தினர் தாமதமாக வந்தால் மேடையில் வரிசையே மாறிவிடுகிறதே.

பிள்ளைகளின் பெயரைப் போடச் சொல்லிச் சிலர் கேட்கிறார்கள். வகுப்பும் பிரிவும் நடனமும் இருந்தால் பெற்றோருக்குப் போதும். யூடியூபில் தேடினால் வராதபடி 'பட்டியலிடப்படாதது' என்று வைத்தாலும், இணைப்பு கையில் உள்ள யாரும் பார்க்கலாம், பிறருக்கும் அனுப்பலாம். முகத்தோடு முழுப் பெயரும் வகுப்பும் சேர்ந்து வெளியே போக வேண்டாம் என்பது எங்கள் கருத்து.

முன்னாள் மாணவர்கள் விஷயம் வேறு. குறிப்பைத் திறக்காதவர்களுக்கு அதன் தொடக்கம் மட்டும்தான் தெரியும். அங்கே வாழ்த்துரை போட்டு இடத்தை அடைக்காமல், பள்ளி, ஆண்டு, பணி ஓய்வு பெறும் ஆசிரியருக்கான பாராட்டு எத்தனையாவது நிமிடத்தில் என்று எழுதுகிறோம். அவர்கள் முதலில் தேடுவது அதைத்தான்.

உங்களிடம் கேட்பது ஒன்றுதான். விழா அன்று மேடைக்குப் பின்னால் நிற்கும் ஆசிரியர், நிகழ்ச்சி நிரலில் மாறியவற்றைப் பேனாவால் திருத்தி, அந்தத் தாளை எங்கள் கேமராக்காரரிடம் கொடுத்துவிடச் சொல்லுங்கள். ஒரே உடையில் இரண்டு பிரிவும் ஆடியிருந்தால் எது 'அ', எது 'ஆ' என்று எங்களுக்குத் தெரியாது.

இப்படிக்கு,
உங்கள் வீடியோ நிலையத்தார்