மாணவர் மலருக்கு இன்னும் இரண்டு பக்கம் வேண்டும்

அன்புள்ள பெற்றோருக்கு, வணக்கம்.

நம் பிள்ளைகள் எழுதிய கதைகளும் மேலூர்ப் பக்கத்து ஊர்க்கதைகளும் சேர்ந்து 42 பக்கங்களுக்கு வந்திருக்கின்றன. மலர் 180 பிரதி அச்சடிக்கிறோம். பெற்றோர் ஆசிரியர் கழகக் கூட்டத்தில் ஒருவர் நியாயமான கேள்வி கேட்டார்: "இரண்டு பக்கமும் அச்சடித்தால் ஒரு பிரதிக்கு 21 தாள் ஆகுமே, நீங்கள் 11 என்கிறீர்களே?"

முழு ஏ4 அளவில் புத்தகம் போட்டால் அவர் சொன்னது சரி. நம்முடையது ஏ4 தாளை நடுவில் மடித்து, மடிப்பில் பின் அடிக்கும் புத்தகம். மடித்த ஒரு தாளில் முன்னே இரண்டு, பின்னே இரண்டு என நான்கு பக்கங்கள் கிடைக்கும். 42ஐ நான்கால் வகுத்தால் பத்தரை. அரைத் தாளை மடிப்பில் பிடிக்க முடியாது என்பதால் 11 தாள். 41 பக்கம் இருந்தாலும் 44 இருந்தாலும் இதே 11தான். அட்டை இந்தக் கணக்கில் சேராது.

அப்படியானால் கடைசி இரண்டு பக்கம் காலியாக நிற்கும். அதைக் கிழித்துவிடலாமே என்று தோன்றும். ஆனால் வெளித்தாளின் ஒரு முகத்தில் 44ஆம் பக்கமும் 1ஆம் பக்கமும் அருகருகே இருக்கும். மறுமுகத்தில் 2ம் 43ம். கடைசி இதழைக் கிழித்தால் முதல் இதழுக்குப் பிடிமானம் போய்விடும். இரண்டு பக்கத்தைக் குறைத்து 40 ஆக்கினால் பத்தே தாள் போதும், 180 தாள் மிச்சம். ஆனால் எந்தப் பிள்ளையின் எழுத்தையும் எடுக்க எனக்கு மனமில்லை. அதனால் அந்த இரண்டு பக்கத்தையும் ஓவியங்களால் நிரப்பப் போகிறோம்.

180 பிரதிக்கு 1980 தாள். 500 தாள் கொண்ட பண்டில் நான்கு வாங்கினால் இருபதே தாள்தான் மீதி. பிரிண்டரில் தாள் அடிக்கடி சிக்கினாலும், பின்பக்கம் தலைகீழாக விழுந்தாலும் அது போதாது. ஆகவே ஐந்தாவது பண்டிலும் வாங்குகிறோம். மிஞ்சுவது தேர்வு வினாத்தாளுக்கு ஆகும். தலைகீழாக விழாமலிருக்க, அச்சடிக்கும்போது திரையில் "Flip on short edge" என்பதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அப்புறம் ஒரே ஒரு பிரதி அடித்து, மடித்து, பக்க எண்களைப் புரட்டிப் பார்த்த பிறகே மீதியைத் தொடங்குவோம்.

ஓவியம் அனுப்புகிறவர்கள் ஏ4 தாளைப் பாதியாக மடித்த அளவில், நெடுவாக்கில் வரையச் சொல்லுங்கள். நான்கு ஓரத்திலும் ஒரு விரல் அகலம் இடம் விடட்டும். 11 தாள்களையும் ஒன்றுக்குள் ஒன்றாக வைத்து மடிக்கும்போது நடுத்தாள்கள் சற்று வெளியே நீளும். அந்த ஓரத்தை வெட்டித்தான் சமன் செய்ய வேண்டும். ஓரம் வரை வரைந்தால் படமும் சேர்ந்து வெட்டுப்படும். வெள்ளிக்கிழமைக்குள் வகுப்பாசிரியரிடம் கொடுத்துவிடுங்கள்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்