இருபதாயிரம் என்ற எண்ணும் ஏற்றிய பைகளும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழின் மருத்துவப் பக்கத்தில், கட்டம் கட்டி, தடித்த எழுத்தில் ஒரு வரியை வெளியிட்டிருந்தீர்கள்: "தட்டணு எண்ணிக்கை 20,000-க்குக் கீழே இறங்கினால், எந்த நோயானாலும் உடனே ஏற்றியே ஆக வேண்டும்." ரத்த வங்கியில் 28 ஆண்டுகள் தொழில்நுட்பராக இருந்து, பிளேட்லெட் எனப்படும் தட்டணுப் பைகளை ஆயிரக்கணக்கில் என் கையால் கொடுத்தனுப்பியவன் என்ற முறையில், "எந்த நோயானாலும்" என்ற இரண்டு சொற்களும் என்னை இரண்டு நாள் தூங்கவிடவில்லை என்பதைப் பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறேன்.

ஒரு மைக்ரோலிட்டர் ரத்தத்துக்கு 20,000 என்ற அந்த எண் எங்கிருந்து வந்தது என்பது தாங்கள் அறியாததல்ல. 1962-இல் ரத்தப் புற்றுநோயாளிகளைக் கவனித்து வெளியான ஓர் ஆய்வை ஒட்டி அந்த எண் மருத்துவமனைகளில் நிலைத்துவிட்டது. எண்ணிக்கை குறையக் குறைய ரத்தக்கசிவு கூடுகிறது என்றுதான் அந்த ஆய்வு சொன்னது. இந்த இடத்தில் கோடு கிழிக்கலாம் என்று அது சொல்லவே இல்லை. காய்ச்சலுக்கு ஆஸ்பிரின் தாராளமாகக் கொடுத்த காலம் அது என்பதையும், ஆஸ்பிரின் தட்டணுவின் வேலையைக் கெடுக்கும் என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும். 1997-இல் இத்தாலியில் கடுமையான ரத்தப் புற்றுநோயாளிகளை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு 20,000, மற்றொன்றுக்கு 10,000 என்று வரம்பு வைத்துப் பார்த்தார்கள். பெரிய ரத்தக்கசிவு இரண்டிலும் ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தது. செலவான தட்டணுவோ 10,000 பிரிவில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் குறைந்தது. எலும்பு மஜ்ஜை ஓய்ந்துபோய், ரத்தம் கசியாமல் இருக்கும் நோயாளிக்கு 10,000 என்ற வரம்பு அதன் பிறகே பரவியது. ரத்தம் கொட்டிக்கொண்டிருப்பவருக்கும் அறுவை சிகிச்சைக்குப் போகிறவருக்கும் கணக்கு வேறு. பெரிய அறுவை என்றால் 50,000, மூளையில் என்றால் 1,00,000 வரை எதிர்பார்ப்பார்கள். ஒரே எண்ணை எல்லார் தலையிலும் கட்டுவதற்கு இதில் இடமே இல்லை.

டெங்குவைப் பற்றியும் அதே பக்கத்தில் எழுதியிருப்பதால் ஒன்று சொல்லிவிடுகிறேன். எண்ணிக்கை 20,000-க்கு இறங்கியும் ரத்தக்கசிவு இல்லாத வயது வந்த டெங்கு நோயாளிகளிடம் சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் சோதித்து, 2017-இல் முடிவை வெளியிட்டார்கள். தட்டணு ஏற்றியதால் கசிவு குறையவில்லை; ஒவ்வாமை போன்ற பக்கவிளைவுகள்தாம் ஏற்றியவர்களிடம் கூடின. அங்கே உயிரைப் பறிக்கும் ஆபத்து பெரும்பாலும் ரத்தக் குழாய்களிலிருந்து நீர்மம் வெளியேறுவதில் இருக்கிறது; அதைத் தட்டணுப் பை அடைக்காது.

ஆனால் நான் எழுத உட்கார்ந்தது இதற்காகக்கூட அல்ல. மூன்று ஆண்டுகளுக்கு முன், "பை பையாக ஏற்றியும் பலனில்லை" என்று ஒரு குடும்பத்தின் துயரத்தை முழுப் பக்கம் எழுதினீர்கள். எத்தனை பை, யார் கொடுத்தார்கள், யார் அழுதார்கள் என்பதெல்லாம் இருந்தது. ஏற்றிய பிறகு எண்ணிக்கை எவ்வளவு கூடியது என்பது மட்டும் இல்லை. அப்போது நான் எழுதிய இரண்டு பக்கக் கடிதத்தை நான்கு வரியாக வெட்டி, "தங்கள் பக்கம் நன்று" என்ற பகுதியை மட்டும் பிரசுரித்தீர்கள். அதற்கும் நன்றி.

அந்தக் கேள்வி என் வீட்டுக்குள்ளேயே வந்த கதை இது. என் அக்காவுக்கு ரத்தப் புற்றுநோய். வேதிசிகிச்சை தொடங்கிப் பத்தாம் நாள் எண்ணிக்கை 6,000. ஒருவரிடமிருந்தே இயந்திரத்தில் பிரித்தெடுத்த பை ஒன்று இரவில் ஏறியது. காலையில் 7,000. மறுநாளும் ஒரு பை, காலையில் 5,000. நான்கு நாளில் நான்கு பை. நான்காவது பையின்போது உடல் தூக்கிப்போடும் அளவுக்குக் குளிர் நடுக்கம். "இன்னும் இரண்டு பேரைக் கூட்டிவாருங்கள்" என்பதே எங்களுக்குக் கிடைத்த பதில்.

அப்படிப்பட்ட பையில் குறைந்தது முப்பதாயிரம் கோடி தட்டணுக்கள் இருக்க வேண்டும். அக்காவின் உடலில் ஐந்து லிட்டர் ரத்தம் என்று வைத்துக்கொண்டு பங்கிட்டால், ஒரு மைக்ரோலிட்டருக்கு 60,000 வரும். அதில் மூன்றில் ஒரு பங்கை மண்ணீரல் பிடித்து வைத்துக்கொள்ளும். மீதி 40,000, குறைத்துச் சொன்னாலும் 30,000 கூடியிருக்க வேண்டும். ஏன் கூடவில்லை என்பதைக் காலை ரத்தப் பரிசோதனை சொல்லாது, ஏனெனில் ஏற்றியது உடனே அழிந்ததா, இரவு முழுவதும் மெல்லத் தீர்ந்ததா என்பது அதில் தெரியாது. ஏற்றி முடிந்து ஒரு மணி நேரத்துக்குள் எடுத்துப் பார்க்க வேண்டும் என்று கேட்டேன். "காலையில் எடுக்கத்தானே போகிறோம், எதற்கு இரண்டு முறை குத்த வேண்டும்?" என்றார் பணியில் இருந்த இளம் மருத்துவர். என் 28 ஆண்டுகள் அந்த வார்டின் வாசலில் செருப்போடு சேர்த்துக் கழற்றி வைக்கப்பட்டிருந்தன.

ஐந்தாவது பைக்கு மூத்த மருத்துவர் ஒருவர் இசைந்தார். அக்காவின் ரத்த வகையே, முந்தின நாள் எடுத்த பை. ஏற்றுமுன் 6,000, ஒரு மணி நேரத்துக்குள் 8,000. ஆறாவது பையிலும் அதே கதை. ஒரு மணி நேரத்தில் நன்றாக ஏறி மறுநாள் காணாமல் போயிருந்தால், காய்ச்சல், கிருமித்தொற்று, வீங்கிய மண்ணீரல் ஆகியவற்றைத் தேடியிருப்பார்கள். ஏறவே இல்லை என்றால், தட்டணுவை எதிர்க்கும் பொருள் ரத்தத்தில் இருக்கக்கூடும். அக்கா மூன்று குழந்தைகளைப் பெற்றவர். கர்ப்பத்தின்போது குழந்தையின் திசு அடையாளங்களுக்கு எதிராகத் தாயின் உடலில் எதிர்ப்பொருள் உருவாவது உண்டு, எச்.எல்.ஏ. எனப்படும் அந்த அடையாளங்கள் தட்டணுவின் மேலும் இருக்கின்றன. ரத்த வகை பார்த்து மட்டும் கொடுத்தால் இது பிடிபடாது. பரிசோதனையில் எதிர்ப்பொருள் உறுதியானது. எச்.எல்.ஏ. பொருந்திய கொடையாளர் ஒருவரின் பை வந்தபோது, 5,000 என்றிருந்தது ஒரு மணி நேரத்தில் 34,000 ஆனது. அந்த ஒரு பை செய்ததை அதற்கு முந்தைய ஆறு பைகள் செய்யவில்லை. அந்த ஆறும், ரத்தம் கசிந்துகொண்டிருந்த வேறு யாருக்காவது போயிருக்கலாம். தட்டணுப் பையை அறை வெப்பநிலையில் அசைத்துக்கொண்டே வைத்தாலும் பொதுவாக ஐந்து நாளுக்கு மேல் தாங்காது என்பதை அலமாரியைப் பார்த்துக்கொண்டே பணியாற்றியவனுக்குச் சொல்லித் தரத் தேவையில்லை.

எனவே என் வேண்டுகோள் மிகச் சிறியது. அடுத்த இதழில் "எந்த நோயானாலும்" என்ற சொற்களைத் திருத்தி வெளியிடுங்கள். இரண்டு பை ஏற்றியும் எண்ணிக்கை கூடவில்லை என்றால், மூன்றாவதைத் தேடி ஓடுமுன் ஒரு மணி நேர எண்ணிக்கையைக் கேட்கச் சொல்லி ஒரு வரி சேருங்கள். அந்தக் கட்டத்துக்குக் கீழே அரை அங்குலம் வெறுமையாக இருந்ததை அளவுகோல் வைத்தே பார்த்தேன். இந்த வரி அதில் அடங்கும். இம்முறையும் கடிதத்தை வெட்டத்தான் வேண்டும் என்றால், தயவுசெய்து அக்காவின் எண்களை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை வெட்டுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ரத்த வங்கித் தொழில்நுட்பர்,
தங்கள் இதழின் நெடுநாள் வாசகர்