வயிற்று உப்புசத்துக்குக் காரணம் பிஃபிடோ அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இன்யூலின் என்ற நார்ச்சத்துத் தூளைக் குடித்த பிறகு வயிறு உப்பினால், நல்ல பாக்டீரியாவான பிஃபிடோ பெருகுகிறது என்று பொருள், அளவைக் குறைக்க வேண்டாம் என்று சென்ற இதழின் உடல்நலப் பகுதியில் படித்தேன். கல்லூரியில் நுண்ணுயிரியல் நடத்துகிறவள் நான். இதைத் திருத்தாமல் விட மனம் வரவில்லை.

வெங்காயம், பூண்டு, சிக்கரி வேர் ஆகியவற்றில் இருக்கும் இன்யூலின், ஃப்ரக்டோஸ் சர்க்கரைகள் கோத்த சங்கிலி. அதை அறுக்கும் நொதி நம் சிறுகுடலில் கிடையாது. ஆகவே கிட்டத்தட்ட முழுதாகவே பெருங்குடலுக்குப் போய்விடுகிறது. அங்கே பிஃபிடோ அதைத் துண்டித்து நொதிக்க வைக்கிறது. இரண்டு ஃப்ரக்டோஸ் உள்ளே போனால், மூன்று அசெட்டிக் அமிலமும் இரண்டு லாக்டிக் அமிலமும் வெளியே வருகின்றன. கார்பனை எண்ணிப் பாருங்கள். உள்ளே போனவை 12 அணுக்கள். அசெட்டிக்கில் 6, லாக்டிக்கில் 6. ஹைட்ரஜன் கணக்கும் அப்படியே நேராகிவிடுகிறது. வாயுவாகப் போக எதுவும் மிஞ்சவில்லை.

அப்படியானால் வாயு ஏது? பிஃபிடோ வெளியிட்ட லாக்டிக், அசெட்டிக் அமிலங்களை அனேரோஸ்டைப்ஸ் போன்ற அண்டை பாக்டீரியாக்கள் எடுத்துக்கொண்டு பியூட்டிரிக் அமிலமாக மாற்றுகின்றன. குடல் சுவரின் செல்களுக்கு அது நல்ல உணவு. ஆனால் அந்த வேலையில்தான் ஹைட்ரஜனும் கார்பன் டை ஆக்சைடும் வெளிப்படுகின்றன. போதாததற்கு, இன்யூலினை நேரடியாகவே தின்று வாயு விடும் பாக்டீரியாக்களும் அங்கே உண்டு. சிலருடைய குடலில் மீத்தேன் உண்டாக்கும் நுண்ணுயிர்கள் நான்கு பங்கு ஹைட்ரஜனையும் ஒரு பங்கு கார்பன் டை ஆக்சைடையும் சேர்த்து ஒரு பங்கு மீத்தேனாகச் சுருக்கிவிடும். ஒரே அளவு தூளைக் குடித்த இருவருக்கு வாயு வெவ்வேறாக இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். ஆகவே உப்புசத்தை வைத்து பிஃபிடோவின் எண்ணிக்கையை அளக்க முடியாது.

நேரத்தையும் கவனிக்க வேண்டும். தூள் பெருங்குடலை எட்டச் சில மணி நேரமாகும். வெறும் வயிற்றில் குடித்த கால் மணிக்குள் உப்பினால், அது அந்தத் தூள் நொதித்ததால் வந்ததல்ல. சங்கிலியின் நீளமும் முக்கியம்: குட்டைச் சங்கிலிகள் பெருங்குடலின் தொடக்கத்திலேயே வேகமாக நொதிப்பதால் வாயு சட்டென்று திரளும், நீண்டவை மெதுவாக நொதிக்கும்.

உங்கள் ஆலோசனை யாரைப் பாதிக்கும் என்பதே என் கவலை. இங்கிலாந்தின் நாட்டிங்ஹாம் பல்கலைக்கழகத்தார் 2017-இல் வெளியிட்ட ஆய்வில், இன்யூலின் குடித்தவர்களின் பெருங்குடலை எம்.ஆர்.ஐ. மூலம் அளந்தார்கள். எரிச்சல் குடல் நோய் உள்ளவர்களுக்கும் இல்லாதவர்களுக்கும் சேர்ந்த வாயு ஏறக்குறைய ஒன்றுதான். வேதனை மட்டும் நோயாளிகளுக்கு அதிகம். அவர்களுடைய குடல் அதே விரிவை வலியாக உணர்கிறது. அவர்களைப் பார்த்து, வலித்தால் நல்லது, தொடருங்கள் என்று சொல்லலாமா? மற்றவர்களும் எடுத்த எடுப்பில் 10 கிராம் குடிக்காமல், 2 அல்லது 3 கிராமில் தொடங்கி வாரக்கணக்கில் கூட்டினால் பலருக்கு உப்புசம் அவ்வளவாகத் தெரியாது. அளவைக் குறைக்க வேண்டாம் என்ற அந்த வரியை அடுத்த இதழில் திருத்தி வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
நுண்ணுயிரியல் விரிவுரையாளர்,
மதுரை