காத்திருக்கும் நிமிடம் யார் கணக்கில்?

கிக் தொழிலாளர்களுக்குக் குறைந்தபட்சக் கூலி விதி எழுதும் குழுவினருக்கு,

வணக்கம். ஆறு வருஷம் ஒரு கிடங்கில் மாதச் சம்பளத்துக்குக் கணக்கெழுதினேன். அதன்பின் மூன்று வருஷமாக ஆப் மூலம் டெலிவரி செய்கிறேன். விடுப்பு, காப்பீடு, ஓய்வூதியம் பற்றியெல்லாம் உங்களுக்கு நிறையப் பேர் எழுதியிருப்பார்கள். எல்லாம் வேண்டியவைதான். நான் எழுத வந்தது ஒரே ஒரு சொல்லைப் பற்றி. உங்கள் விதியில் "வேலை நேரம்" என்று வருமே, அது எப்போது தொடங்குகிறது, எப்போது முடிகிறது?

கிடங்கில் இருந்தபோது இந்தக் கேள்வியே எனக்குத் தோன்றியதில்லை. சில நாள் மதியம் லாரி ஒன்றும் வராது. மூன்று மணி நேரம் சும்மா உட்கார்ந்திருப்போம். சம்பளம் குறையாது. எங்கள் மேலாளருக்குத்தான் அது உறுத்தும். அதனால் அடுத்த வாரம் ஷிஃப்டில் ஒரு ஆளைக் குறைப்பார், அல்லது லாரி வரும் நேரத்தை மாற்றுவார். சும்மா இருக்கும் நேரத்துக்கு அவர் காசு கொடுத்தார். அதனால் அதைக் குறைப்பது அவர் கவலையாக இருந்தது.

வேலைக்கு இவ்வளவு என்று கூலி வந்ததும் அந்தக் கவலை என் தலைக்கு வந்துவிட்டது. கவலைதான் வந்ததே தவிர, அதைத் தீர்க்கும் அதிகாரம் வரவில்லை. ஒரு பகுதிக்கு எத்தனை ரைடர்களை உள்ளே விடுவது, எந்த ஆர்டரை யாருக்குத் தருவது என்பதையெல்லாம் இன்னும் ஆப்தான் தீர்மானிக்கிறது.

என் நோட்டிலிருந்து ஒரு நாளைச் சொல்கிறேன். கணக்குப் போட வசதியாக எண்களை முழுமையாக்கியிருக்கிறேன். பணத்தின் பெயர் எதுவானாலும் சரி, ஒரு டெலிவரிக்கு 10 என்று வைத்துக்கொள்ளுங்கள்.

காலை 11 மணிக்கு லாகின் செய்து இரவு 9 மணிக்கு அணைத்தேன். பத்து மணி நேரம், 15 டெலிவரி. ஆர்டரை ஏற்றதிலிருந்து கையில் கொடுத்தது வரை ஒவ்வொன்றுக்கும் சராசரி 24 நிமிடம். ஆக 6 மணி நேரம் "வேலை". மீதி 4 மணி நேரம் அடுத்த ஆர்டருக்காகக் காத்திருந்ததும், ஆர்டர் விழும் இடத்துக்குத் திரும்பி வந்ததும். வரவு 150. வண்டி ஓடியது 100 கிலோமீட்டர், ஆப் தூரமாகக் கணக்கில் எடுத்தது 60. எரிபொருள், டயர், சர்வீஸ் எல்லாம் சேர்த்து 10 கிலோமீட்டருக்கு 3 வீதம் செலவு 30.

இப்போது மணிக்கு எவ்வளவு சம்பாதித்தேன்? 6 மணி நேரத்தால் வகுத்தால் 25. பத்தால் வகுத்தால் 15. செலவைக் கழித்துவிட்டு வகுத்தால் 12. ஒரே நாள், ஒரே ஆள், மூன்று பதில். ரைடர்களைச் சேர்க்கும் விளம்பரத்தில் வருவது 25. வீட்டுக்கு வருவது 12.

காத்திருப்பது ஓய்வுதானே என்று உங்கள் கூட்டத்தில் யாராவது கேட்கலாம். ஒரு நாள் என்னோடு வந்து பாருங்கள். வண்டியின் மேல் உட்கார்ந்து போனைக் கையில் பிடித்திருப்பேன். ஆர்டர் மணி அடித்தால் சில நொடிகளில் தொட வேண்டும். தவறவிட்டால் மறுத்ததாகப் பதிவாகும். இரண்டு மூன்று மறுப்பு சேர்ந்தால் அன்றைய இன்சென்டிவ் போய்விடும். கழிப்பறைக்குப் போனாலும் போன் கையில்தான். வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுவிட்டு வரலாம் என்று அந்தப் பகுதியை விட்டு நகர்ந்தால் ஆர்டரே விழாது. அணைத்துவிட்டுப் போகும் நேரத்துக்கு நான் கூலி கேட்கவில்லை. அது என் நேரம். அணைக்காமல் அங்கேயே, உடனே எடுக்கத் தயாராக இருக்கும் நேரத்தைத்தான் சொல்கிறேன். வாடிக்கையாளருக்குப் பொருள் சட்டென்று போய்ச் சேர்வதே நாங்கள் அப்படிக் காத்திருப்பதால்தான். தீயணைப்பு நிலையத்தில் தீ இல்லாத நேரத்துக்குச் சம்பளம் எதற்கு என்று யாரும் கேட்பதில்லையே.

சரி, விதிக்கு வருகிறேன். குறைந்தபட்சம் மணிக்கு 18 என்று நீங்கள் நிர்ணயிப்பதாக வைத்துக்கொள்வோம். வேலை நேரம் என்பது "ஆர்டரை ஏற்றதிலிருந்து முடிப்பது வரை" என்று எழுதினால் என் நாள் தேறிவிடும். 25 வருகிறதே! கலிபோர்னியாவில் 2020 நவம்பரில் வாக்கெடுப்பில் நிறைவேறிய, ஆப் ஓட்டுநர்களுக்கான 22ஆம் முன்மொழிவு இப்படித்தான் எழுதப்பட்டது. குறைந்தபட்சக் கூலியில் 120 சதவீதம் உறுதி என்றார்கள். கேட்க நன்றாக இருந்தது. ஆனால் அந்த உறுதி, ஏற்ற வேலை நடக்கும் நேரத்துக்கு மட்டும்தான்.

கூலி குறைவு என்பது இதில் பாதிப் பிரச்சினை. மீதிப் பாதியை அதிகம் பேர் கவனிப்பதில்லை. அதே பகுதியில் இருக்கும் இரண்டு ரைடருக்கு இன்னொருவர் என்ற கணக்கில் நிறுவனம் புதிதாக ஆள் சேர்க்கிறது, ஆர்டர்கள் கூடவில்லை என்று வையுங்கள். எனக்கு 15 டெலிவரி 10 ஆகும். வரவு 100. "வேலை" 4 மணி நேரம். 100ஐ 4ஆல் வகுத்தால் அதே 25! உங்கள் ஆய்வாளர் வந்து பார்த்தால் ஒன்றுமே மாறவில்லை. ஆனால் பத்து மணி நேரத்தால் வகுத்தால் மணிக்கு 10, ஓட்டம் குறைந்து செலவு 20 ஆனாலும் அது போக 8 என்று வந்துவிட்டது. வருமானத்தில் மூன்றில் ஒரு பங்கு போன பிறகும் விதியின் முள் அசையவில்லை. உடைந்த தராசு என்றாலும் ஏதாவது ஒரு பக்கம் ஆடும்.

நிறுவனத்தைக் கெட்டவர்கள் என்று சொல்லவில்லை. கூடுதலாக ஒரு ஆளை உள்ளே விட அவர்களுக்குச் செலவே இல்லை, டெலிவரி இன்னும் வேகமாகும். அந்த இடத்தில் நான் இருந்தாலும் விட்டிருப்பேன்.

மாற்று வழி புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. பிரிட்டன் துறைமுகங்களில் ஒரு காலத்தில் தொழிலாளர்கள் தினமும் வாசலில் வந்து நிற்பார்கள். ஆள் எடுத்தால் கூலி, எடுக்காவிட்டால் வெறுங்கை. 1947இல் வந்த துறைமுகத் தொழிலாளர் திட்டம், வந்து நின்று வேலை கிடைக்காமல் போனவருக்கும் வருகைப் பணம் கொடுத்தது. 2021 பிப்ரவரியில் அதே நாட்டின் உச்ச நீதிமன்றம் உபர் வழக்கில், தன் பகுதிக்குள் ஆப்பைத் திறந்து வைத்து, சவாரியை ஏற்கத் தயாராக இருக்கும் நேரமும் வேலை நேரமே என்ற தீர்ப்பை உறுதி செய்தது.

நியூயார்க் நகரம் வாடகைக் கார் ஓட்டுநர்களுக்கு 2019இல் கொண்டுவந்த முறை எனக்கு இன்னும் பிடிக்கும், ஏனென்றால் அது ஒரு சின்ன வகுத்தல் கணக்கு. ஓட்டுநர்கள் ஆப்பில் இருக்கும் நேரத்தில் பயணி வண்டியில் இருக்கும் நேரம் எத்தனை பங்கு என்று பார்த்தார்கள். அப்போது அது 58 சதவீதம். ஒரு சவாரிக்கான கூலியை அந்தப் பங்கால் வகுத்தார்கள். என் நாளில் பங்கு 60 சதவீதம். 18ஐ 0.6ஆல் வகுத்தால் 30. அதாவது ஏற்ற வேலையின் ஒரு மணி நேரத்துக்கு 30 கொடுத்தால்தான் முழு நாளுக்கும் மணிக்கு 18 தேறும். ஆட்களை அதிகமாக உள்ளே விட்டுப் பங்கு 40 ஆகிவிட்டால் 45 கொடுக்க வேண்டும். கிடங்கு மேலாளரின் உறுத்தல் திரும்ப நிறுவனத்திடமே போய்விடுகிறது. ஒன்று மட்டும் கவனியுங்கள். பங்கைத் தொழில் முழுமைக்கும் சராசரியாக எடுத்தால், ஆட்களை அளவில்லாமல் சேர்ப்பவரின் செலவை மற்ற நிறுவனங்களும் சுமக்கும். நிறுவனம் வாரியாக எடுங்கள்.

இதற்கு ஒரு விலை உண்டு, அதை மறைக்க மாட்டேன். கூலி உயர்ந்ததும் நிறுவனங்கள் கதவைச் சாத்தும். நியூயார்க்கிலேயே 2024இல் ஷிஃப்டின் நடுவில் ஆப் மூடிக்கொள்வதாக ஓட்டுநர்கள் புகார் செய்தார்கள். நினைத்த நேரத்தில் திறந்து நினைத்த நேரத்தில் மூடலாம் என்பதற்காகவே இந்த வேலைக்கு வந்தவர்களுக்கு, குறிப்பாகக் குழந்தையைப் பள்ளியில் விட்டபின் இரண்டு மணி நேரம் ஓட்டுபவர்களுக்கு, இது அடிதான். என்னைக் கேட்டால், பத்து மணி நேரம் உட்கார வைத்து, செலவு போக 80 கொடுப்பதைவிட இன்று இடமில்லை என்று காலையிலேயே சொல்வது மேல். ஆனால் சாத்துவதற்கும் விதி வேண்டும். நேரத்தை முந்தைய நாளே பதிவு செய்ய விடட்டும். பதிவு செய்து வந்தவரை நடுவில் வெளியே தள்ளக் கூடாது.

இன்னொரு எதிர்ப்பும் வரும். ஒரே நேரத்தில் மூன்று ஆப் திறந்து வைத்திருப்பவருக்கு மூன்று பேரும் காத்திருப்புக் கூலி தர வேண்டுமா? நியாயமான கேள்வி. எந்த ஆப்பின் வேலையும் கையில் இல்லாத நிமிடத்தை மூன்றாகப் பிரிக்கலாம். நியூயார்க் முறையில் அந்தச் சிக்கலே குறைவு, ஏனென்றால் காசு சவாரியோடு சேர்ந்தே வருகிறது. ஆர்டரே எடுக்காமல் திறந்து வைத்துத் தூங்குபவருக்கும் அதில் ஒன்றும் கிடைக்காது.

இவை எல்லாவற்றுக்கும் ஒரு தகவல் வேண்டும். இந்தப் பகுதியில், இந்த வாரத்தில், எல்லா ரைடர்களும் லாகினில் இருந்த மொத்த நிமிடம் எத்தனை, ஆர்டர் கையில் இருந்த நிமிடம் எத்தனை? இரண்டும் நிறுவனத்தின் சர்வரில் இருக்கின்றன. என் வாரக் கணக்கு அறிக்கையில் டெலிவரி எண்ணிக்கை இருக்கிறது, இன்சென்டிவ் இருக்கிறது, ஏற்ற சதவீதம் இருக்கிறது. லாகின் நிமிடம் மட்டும் இல்லை. ஒருமுறை உதவி எண்ணில் கேட்டேன். அது உங்களுக்குத் தேவைப்படாத தகவல் என்று பதில் வந்தது. அன்றுதான் நோட்டு வாங்கினேன்.

அந்த நோட்டின் பதினான்கு பக்கங்களை நகலெடுத்து இத்துடன் வைத்திருக்கிறேன். இடது பத்தியில் போனைத் திறந்த நேரம், நடுவில் ஆர்டர்கள், வலது பத்தியில் அணைத்த நேரம். உங்கள் வரைவு தயாரானதும் அதில் ஏதாவது ஒரு பக்கத்தை எடுத்துப் போட்டுப் பாருங்கள். 25 வருகிறதா, 15 வருகிறதா, 12 வருகிறதா என்று எனக்கும் ஒரு வரி எழுதுங்கள்.

இப்படிக்கு,
ஒரு டெலிவரி ரைடர்