சேகருக்கு, சங்கிலி கழன்ற பிறகு

அன்புள்ள சேகர்,

பத்து மாதமாக என்னிடமிருந்து ஒரு வரி இல்லை என்று நீ திட்டியதாக பாபு சொன்னான். திட்டு, தப்பு என்னுடையதுதான். இங்கே எல்லாரும் சௌக்கியம். அம்மாவுக்கு மட்டும் முட்டிவலி.

ஞாயிற்றுக்கிழமை மகளோடு உட்கார்ந்து ‘பிளேன்ஸ், ட்ரெயின்ஸ் அண்ட் ஆட்டோமொபைல்ஸ்’ (1987) பார்த்தேன். ஹாஸ்டலில் நீ பாதியில் தூங்கிப்போன அதே படம். நன்றி அறிவித்தல் நாளுக்குள் நியூயார்க்கிலிருந்து சிகாகோவிலுள்ள வீட்டுக்குப் போய்விடத் துடிக்கும் விளம்பரக்காரன் ஸ்டீவ் மார்ட்டின். குளியலறைத் திரை வளையம் விற்கும் ஓயாத வாய்க்காரன் ஜான் கேண்டி. பனிப்புயலில் விமானம் விச்சிட்டாவில் இறங்க, லாட்ஜில் ஒரே கட்டில்!

“ரெண்டு பேருக்கும் ஆகவே ஆகாதே, ஏம்ப்பா சேர்ந்தே போறாங்க?” என்றாள். பனி பெய்யுதும்மா, வேற வழியில்ல என்றேன். சொன்ன பிறகுதான் எனக்கே உறைத்தது. ஒட்டாத ரெண்டு பேரைச் சேர்த்துவிடும் இந்த மாதிரிப் படங்களில் குணப் பொருத்தமின்மை வெறும் தாளிப்பு. விலக முடியாதபடி கட்டிப்போடும் ஒன்றுதான் கதையை நகர்த்துகிறது. ‘தி டிஃபையன்ட் ஒன்ஸ்’ (1958) படத்தில் அது நிஜச் சங்கிலியே: டோனி கர்ட்டிஸ் நடித்த வெள்ளைக் கைதியும் சிட்னி பாய்ட்டியே நடித்த கறுப்புக் கைதியும் ஒன்றாகப் பிணைக்கப்பட்டுத் தப்பி ஓடுகிறார்கள்.

ஆனால் அந்தச் சங்கிலி கடைசிவரை இருப்பதில்லை, கவனித்தாயா? நடுவிலேயே உடைக்கிறார்கள். அதன் பிறகுதான் படமே. பாய்ட்டியேவைத் தவறான வழியில் சதுப்புநிலத்துக்கு அனுப்பிவிட்டார்கள் என்று தெரிந்ததும் கர்ட்டிஸ் அவனைத் தேடி ஓடுகிறான். இப்போது இழுக்க எந்த இரும்பும் இல்லை. மார்ட்டினும் அப்படித்தான். கேண்டிக்குக் கை காட்டிவிட்டு சிகாகோ ரயிலில் தனியாக உட்கார்ந்து, பட்ட பாட்டை நினைத்துச் சிரிக்கிறான். மெல்லச் சிரிப்பு நிற்கிறது. அந்த மனுஷன் வாய் ஓயாமல் பேசியும் வீட்டைப் பற்றிச் சொன்னது ஒன்றோடொன்று ஒட்டவில்லையே! திரும்பிப் போய்ப் பார்த்தால், ஸ்டேஷனில் பெட்டியோடு அப்படியே உட்கார்ந்திருக்கிறான். மனைவி செத்து எட்டு வருஷம், போக வீடில்லை.

ஜோடிப் போலீஸ் படங்களில் பாதி சப்பென்று முடிவது இதனால்தான் என்று நினைக்கிறேன். கேஸ் முடிந்ததும் கை குலுக்கிக்கொள்கிறார்கள். கேஸ் இல்லாத மறுநாள் ஒருத்தன் மற்றவனைத் தேடிப் போவானா என்று படம் கேட்பதே இல்லை.

நம் சங்கிலி பதினான்காம் நம்பர் ரூம். உன் ஊதுபத்தி, என் சிகரெட், நடுவில் பாபுவின் சமாதான மாநாடு. ரூமைக் காலி செய்து பத்தொன்பது வருஷம் ஆகிறதுடா.

டிசம்பர் இரண்டாவது வாரம் அங்கே வருகிறேன், டிக்கெட் போட்டாச்சு. கட்டில் எனக்கு, பாய் உனக்கு. குறட்டை விட்டால் எழுப்பிவிடுவேன்.

உன்,
ரவி